கொப்பியில் எது என் வசனம், எது புத்தகத்து வசனம்?

துலாமிதி · திங்கள், இரவு 9.40

கம்பஸில் இறுதி வருடம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளும் நீர் இறைப்பும் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். இரண்டு பந்திகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "இது யாருடைய வசனம்?" என்று எழுதியிருந்தார். எண்பதுகளில் வந்த ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் படித்த நினைவு அவருக்கு.

நான் களவாக எழுதவில்லை. அந்தப் பந்திகள் என்னுடையவை என்றே நம்பியிருந்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்து சி.ஆர். கொப்பியில் குறிப்பெடுத்தேன். வீட்டிலிருந்து 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளைப் பார்த்தும் எழுதினேன். பார்த்து எழுதியது, சுருக்கி எழுதியது, நானே யோசித்தது எல்லாம் ஒரே நீலப் பேனையில், ஒரே கையெழுத்தில் 140 பக்கம் கிடக்கின்றன. இப்போது எடுத்துப் பார்த்தால் எது எதுவென்று தெரியவில்லை. சமர்ப்பிக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது.

பழையதை எப்படிப் பிரிப்பது? இனிமேல் எப்படிக் குறிப்பெடுப்பது?

மின்கம்பம் · இரவு 9.58

பயப்படாதீர்கள். ஒத்த வசனம் தேடும் மென்பொருளில் கோப்பைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே வந்தால் பிரச்சினையில்லை. சிவப்பாகக் காட்டும் இடங்களில் சொற்களை மாற்றிவிட்டால் சரி. எங்கள் பட்ச் முழுக்க அப்படித்தான் செய்தோம்.

வெண்கட்டி · இரவு 10.15

22 வருடமாகப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவது கூடிக்கொண்டே போகிறது. எழுதியதை ஒப்புக்கொள்வதும் இல்லை. தங்கச்சி, செய்ததைச் செய்தேன் என்று சேரிடம் சொல்லிவிடுங்கள்.

துலாமிதி · இரவு 10.21

சேர், நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினேன். என் கொப்பியே என்னை ஏமாற்றிவிட்டது, அதுதான் கேள்வி.

அச்சுப்பிழை · இரவு 11.05

நான் அச்சகத்தில் 30 வருடம் புரூவ் பார்த்தவன். பாடசாலை மலர், கோயில் மலர், ஊர் வரலாறு என்று நூற்றுக்கணக்கில் கையால் கடந்திருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு நடந்தது களவு எண்ணத்தோடு எழுதாதவர்களுக்கும் நடக்கும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வினுக்கே நடந்தது. கென்னடி குடும்பத்தைப் பற்றி 1987இல் அவர் எழுதிய புத்தகத்தில் இன்னொருவருடைய புத்தகத்தின் வசனங்கள் மேற்கோள் குறி இல்லாமல் இருந்தது 2002இல் வெளியே வந்தது. கையால் எடுத்த குறிப்புகளில் பார்த்து எழுதியதும் தன் சொந்த வசனமும் கலந்துவிட்டன என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். பெயர் கெட்டது கெட்டதுதான்.

மின்கம்பம் தம்பி சொன்னதில் பாதி சரி. மென்பொருளில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தன்னிடம் இருக்கும் எழுத்தோடுதான் அது ஒப்பிடும். பழைய சஞ்சிகைப் பக்கங்கள் படமாக எடுத்து வைக்கப்பட்டவை. அவற்றில் இருக்கும் வசனம் அதற்கு எழுத்தாகத் தெரியாவிட்டால் சிவப்புக் கோடும் வராது. இந்தப் பிள்ளையின் இரண்டு பந்திகளையும் பிடித்தது மென்பொருள் இல்லை, ஒரு மனிதரின் ஞாபகம். அடுத்தது, நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. ஆதாரப் பட்டியலும் முறையான மேற்கோள்களும் சேர்ந்தே இருபதைத் தாண்டலாம். இன்னொரு கட்டுரையில் மூன்றே வீதம் வந்து, அந்த மூன்றும் ஒரே ஆளுடைய முழுப் பந்தியாக இருக்கலாம். சிவப்பு வந்த இடத்தில் சொல்லை மாற்றுவது எல்லாவற்றையும்விட மோசம். அதுவரை கவலையீனம். சொல்லை மாற்றிய பிறகு அது மறைப்பு.

பிள்ளை, அந்தக் கொப்பியில் சந்தேகமான ஒரு பகுதியை அப்படியே இங்கே போடுங்கள். பார்ப்போம்.

துலாமிதி · செவ்வாய், காலை 6.50

கொப்பியில் இருப்பது இதுதான். மேலே கட்டுரையின் தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன், பக்க எண் இல்லை.

"வலிகாமத்தில் துலா ஒரு தனி மனிதனின் கருவி அல்ல. மிதிப்பவன், இறைப்பவன், வாய்க்கால் மாறுபவன் என மூவர் சேர்ந்தால்தான் தோட்டம் நனையும். இன்றைய நிலையில் நீர் இறைக்கும் இயந்திரம் இம்மூவரில் இருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கிணறு உவராகிறது, மெசின்தான் காரணம்."

அச்சுப்பிழை · காலை 8.30

மூலத்தைப் பார்க்காமலே கொஞ்சம் சொல்லலாம்.

"இன்றைய நிலையில்" என்பது யாருடைய இன்று? உங்களுக்கு 23, 24 வயது இருக்கும். நீங்கள் பிறந்தபோதே தோட்டமெல்லாம் மெசின் இறைப்புத்தான். துலாவில் மிதித்தவர்களை வேலையில்லாமல் கண்ட ஒருவர்தான் அந்த வசனத்தை எழுதியிருக்க முடியும். குறிப்புக்குள் "இன்று", "அண்மையில்", "மேலே கூறியவாறு" போன்ற சொற்கள் கிடந்தால் அவை புத்தகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. மேலே நீங்கள் ஒன்றும் கூறியிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, "இருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது." நூலகம் பூட்டப் போகிற நேரத்தில் அவசரமாகக் கிறுக்கும் ஒருவர் இப்படிச் செதுக்க மாட்டார். குறிப்பில் சொந்த வசனம் அரைகுறையாகத்தான் இருக்கும். வினைமுற்றைக் கூட விட்டுவிடுவோம். முழுதாக முடிந்த அழகான வசனத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கடைசி வசனம் வேறு ஆள். மேலே "நீர் இறைக்கும் இயந்திரம்" என்றவர் திடீரென்று "மெசின்" என்கிறாரே? அது நீங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதெல்லாம் ஊகம். மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் பாருங்கள்.

பனிக்காலம் · காலை 8.52

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், கொக்குவில்தான் சொந்த ஊர். நான் ஆங்கிலக் கட்டுரை வாசித்துத் தமிழில் குறிப்பெடுக்கிறவன். மொழிபெயர்க்கும்போது சொற்கள் என்னுடையவை ஆகிவிடுகின்றனவே? அப்படியென்றால் இந்தப் பிரச்சினை எனக்கு இல்லைத்தானே?

அச்சுப்பிழை · காலை 9.20

தம்பி, உங்களுக்குத்தான் கூட இருக்கிறது. வசனத்தின் எலும்பு அவருடையது, தோல்தான் உங்களுடையது. தமிழில் இருப்பதால் ஒரு வருடம் கழித்து நீங்களே யோசித்தது போலத் தோன்றும். ஆங்கில வசனத்தையும் பக்கத்தோடு எழுதி, அதன் கீழே தமிழை எழுதி, "மொ" என்று ஒரு எழுத்துப் போடுங்கள்.

பனிக்காலம் · காலை 9.31

இரண்டு தரம் எழுதுவதென்றால் ஒரு கட்டுரைக்கு ஒரு பகல் போய்விடும் ஐயா. அது நடக்காத காரியம்.

துலாமிதி · புதன், இரவு 8.15

இன்று மூலத்தைப் பார்த்தேன். முதல் மூன்று வசனமும் எழுத்துக்கு எழுத்து அவருடையவை. ஐயா சொன்னதுபோல் கடைசி வசனம் என்னுடையது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

கிணறு உவராவது பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அவர் எழுதியது முழுக்கக் கூலியையும் ஆட்களையும் பற்றி. ஆனால் என் மூன்றாம் அத்தியாயத்தில், "இயந்திர இறைப்பே கிணறுகள் உவராவதற்குக் காரணம்" என்று அவர் சொல்வதாக, அவருடைய பெயரையும் ஆண்டையும் போட்டு எழுதியிருக்கிறேன். என் ஊகத்தை அவர் வாயில் வைத்துவிட்டேன். அவருடைய வசனத்தை நான் எடுத்ததைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அச்சுப்பிழை · இரவு 8.50

கலந்த கொப்பி இரண்டு பக்கமும் வெட்டும். முதல் வகையை யாராவது ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் பெயரும் ஆண்டும் ஒழுங்காக இருக்கும். பிறகு உங்கள் கட்டுரையை வாசிக்கிறவர் மூலத்தைப் பார்க்காமல் அதையே எடுத்து எழுதுவார்.

அந்த ஊகம் முழுப் பிழையும் இல்லை. குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர்தான் நன்னீராக நிற்கிறது, அதற்குக் கீழே உவர்நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆனால் அதைச் சொல்ல நீரியல் ஆதாரம் வேறு தேட வேண்டும். கூலியைப் பற்றி எழுதியவரிடம் அதைக் கேட்க முடியாது.

இனி முறைக்கு வருகிறேன். கொப்பியின் பக்கத்தை மடித்து, வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டு நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் புத்தகம் பேசும் இடம், வலது பக்கம் நீங்கள் பேசும் இடம். கோட்டைத் தாண்டக் கூடாது.

பார்த்து எழுதுவதென்றால் முதலில் பக்க எண், அடுத்தது மேற்கோள் குறி, அதற்குப் பிறகுதான் முதல் சொல். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். "எழுதிவிட்டுக் கடைசியில் போடுவோம்" என்று நினைக்கிற நேரத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பஸ் வந்துவிடும். மேற்கோள் நடுவில் பக்கம் மாறினால் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு இழுத்துப் புதிய பக்க எண்ணையும் எழுதுங்கள். பிறகு பாதி வசனத்தை மட்டும் எடுக்கும்போது எந்தப் பக்கம் என்று தடுமாற வேண்டாம். இடையில் சொல்லை விட்டால் மூன்று புள்ளி.

சுருக்கி எழுதுவதென்றால் புத்தகத்தை மூடுங்கள். மூடி வைத்து, வாசித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். முன்னால் "சு" என்று ஒரு எழுத்தும் பக்க எண்ணும். எழுதி முடித்துத் திறந்து பாருங்கள். நாலைந்து சொல் வரிசையாக ஒத்துவந்தால் அது சுருக்கம் இல்லை, மேற்கோள் குறி போட வேண்டியது. திறந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சுருக்குபவர் சொற்களை இடம் மாற்றி வைப்பாரே தவிர, சுருக்க மாட்டார்.

வலது பக்கத்துக்கு ஒரு விதியும் இல்லை. சண்டை பிடிக்கலாம், கேள்வி கேட்கலாம், "இது பொய்" என்றும் எழுதலாம்.

மின்கம்பம் · இரவு 9.10

இந்தக் காலத்தில் கொப்பியா ஐயா? நான் வேர்டில் குறிப்பெடுக்கிறேன். பார்த்து எழுதியது மஞ்சள், என்னுடையது பச்சை. இரண்டு நிறம், விஷயம் முடிந்தது.

அச்சுப்பிழை · இரவு 9.34

மஞ்சள் குறிப்பை எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். அங்கே போய்ச் சேரும்போது மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. வேறு கோப்பில் வெறும் எழுத்தாக ஒட்டினாலும் அதேதான். வசனம் இடம் மாறும்போது கூடவே போகாத அடையாளம் அடையாளமே இல்லை. ஆபத்து வருவது குறிப்பில் கிடக்கும்போது இல்லை, குறிப்பிலிருந்து கட்டுரைக்குப் போகிற அந்த ஒரு நிமிடத்தில்.

அதே காரணத்தால் பந்திக்கு ஒரு அடையாளம் போதாது. வரிக்கு வரி வேண்டும். ஐந்து வரி மேற்கோளுக்கு மேலே மட்டும் குறி இருந்தால், நாலாவது வரியைத் தனியாக எடுக்கும்போது அது குறியில்லாமல் வந்துவிடும்.

மின்கம்பம் · வியாழன், காலை 7.05

செய்து பார்த்தேன். நிறம் போய்விட்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அடையாளத்தையும் எழுத்தாகவே வைப்போம். வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று. ஒவ்வொரு வரியும் மூன்று குறியில் ஒன்றோடு தொடங்க வேண்டும். `>` பார்த்து எழுதியது, `=` மூடி வைத்துச் சுருக்கியது, `#` என்னுடையது. ஆதாரத்துக்கு ஒரு இலக்கம், பிறகு பக்கம்.

```
> A12 p.43 மிதிப்பவன், இறைப்பவன், வாய்க்கால் மாறுபவன் என மூவர் சேர்ந்தால்தான் தோட்டம் நனையும்.
= A12 p.43 துலா இறைப்புக்கு மூன்று பேர் வேண்டும்.
# மூவரும் ஒரே குடும்பமா, கூலிக்கா? உவர் பற்றி இவர் சொல்லவில்லை.
```

பக்க எண் போட மறந்த மேற்கோள்களை மட்டும் பார்க்க ஒரு வரிக் கட்டளை போதும்:

```
grep -n '^>' notes.txt | grep -v ' p\.[0-9]'
```

ஒன்றும் வராவிட்டால் நல்லது. இரவு மூடுவதற்கு முன் ஓடவிட்டால், புத்தகம் இன்னும் கையில் இருக்கும்போதே பிழையைத் திருத்தலாம்.

அச்சுப்பிழை · காலை 7.40

இது நல்லது, நான் யோசிக்காத ஒன்று. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குறியே இல்லாத வரி இருந்தால் அதை உங்களுடையது என்று எடுக்கக் கூடாது. குறியில்லாதது பிறத்தியாருடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்கட்டி · காலை 10.10

திங்கட்கிழமை தங்கச்சியின் கேள்வியை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்க வேண்டும். இழையை ஆறுதலாகத் திரும்ப வாசித்தபோது எனக்கே ஒரு கேள்வி வந்தது. உயர்தரத்துக்கு நான் குறிப்புச் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதுகிறார்கள், பரீட்சையில் அதை அப்படியே எழுதுகிறவருக்கு நல்ல புள்ளி கிடைக்கிறது. அந்தக் குறிப்பை நான் எங்கே எடுத்தேன்? என் ஆசிரியர் சொன்னது, இரண்டு மூன்று புத்தகத்தில் இருந்தது, இடையில் நான் சேர்த்தது. 22 வருடத்தில் எது எதுவென்று எனக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் இப்படிப் பழக்கிவிட்டுக் கம்பஸுக்குப் போன முதல் நாளே "உன் வசனத்தில் எழுது" என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பனிக்காலம் · காலை 10.42

சேர், பரீட்சைக்கு எழுதுவது வேறு, அச்சில் போடுவது வேறு. பரீட்சையில் யாரும் அதை உங்கள் கண்டுபிடிப்பு என்று நினைப்பதில்லை.

வெண்கட்டி · காலை 11.03

பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொன்னதில்லை.

துலாமிதி · பகல் 1.20

புதிய குறிப்புக்கு முறை விளங்கிவிட்டது. பழைய 140 பக்கத்தை என்ன செய்வது? எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட ஐந்து வாரம் காணாது.

இன்னொன்று, உரும்பிராயில் ஒரு வயதான தோட்டக்காரரோடு கதைத்ததும் அதே கொப்பியில் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்யவில்லை. அவருடைய பேச்சை எந்தக் குறியில் போடுவது?

அச்சுப்பிழை · பகல் 2.45

140 பக்கத்தைத் தொட வேண்டாம். பின்னாலிருந்து வாருங்கள். கட்டுரையில் ஏறிய வசனங்களை மட்டும் பாருங்கள். கொப்பியில் கிடந்து கட்டுரைக்கு வராதது யாருக்கும் தீங்கு செய்யாது.

வரைவை அச்செடுத்துப் பந்தி பந்தியாக ஓரத்தில் குறியுங்கள். களத்தில் நீங்களே அளந்தது, எண்ணியது, கண்டது என்றால் விட்டுவிடலாம். ஆதாரம் தெரிந்தது என்றால் மூலத்தைத் திறந்து வசனம் வசனமாக ஒப்பிட வேண்டும், அவர் அதைச் சொன்னாரா என்பதையும் சேர்த்து. எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது என்றால் வெட்டுங்கள். தேவையான கருத்தென்றால் புதிதாக ஆதாரம் தேடி, புத்தகத்தை மூடி வைத்து முதலிலிருந்து எழுதுங்கள். அந்தப் பழைய வசனத்தைத் திருத்தி எழுத வேண்டாம், அதன் சாயல் போகாது.

தோட்டக்காரருடைய பேச்சு அவருடையதுதான். அவர் சொன்ன சொல் அப்படியே ஞாபகம் இருந்து அன்றைக்கே எழுதியிருந்தால் `>` போட்டு, பக்க எண்ணுக்குப் பதிலாகத் திகதியும் ஊரும். மற்றதெல்லாம் `=`. ஒலிப்பதிவு இல்லாமல் நீண்ட பேச்சை மேற்கோள் குறிக்குள் போடுவதை நான் விரும்ப மாட்டேன்.

மின்கம்பம் · பகல் 3.02

அப்படிப் பார்த்தால் `p.` இல்லாத மேற்கோள் வந்துவிடும், கட்டளை பிழை காட்டும். 😀 வாய்மொழிக்கு `V03` என்று வேறு இலக்கம் வைத்து, `p.`க்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் திகதியை இலக்கத்தில் எழுதுங்கள்.

பனிக்காலம் · இரவு 11.30

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை. ஆனால் ஒரு நடுவழி பிடித்திருக்கிறேன். ஆங்கில வசனம் முழுவதையும் எழுதாமல் பக்க எண்ணும் அதன் முதல் நாலு சொல்லும் மட்டும் எழுதுகிறேன். தேடி எடுக்க அது போதும்.

அச்சுப்பிழை · வெள்ளி, காலை 6.20

அந்தக் கட்டுரை இன்னும் ஐந்து வருடம் கழித்து உங்கள் கைக்கு எட்டினால் போதும்தான். இங்கே 1981இல் ஒரு இரவில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில் இருந்துகொண்டு, "பிறகு எடுத்துப் பார்க்கலாம்" என்று எழுத எனக்குக் கை வராது. அது என் வயதின் குணமாகவும் இருக்கலாம்.

துலாமிதி · ஞாயிறு, இரவு 9.15

மூன்று இரவு இருந்து இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களைப் பார்த்து முடித்தேன். மொத்தம் 46 பந்தி. 17 பந்தி நான் களத்தில் கண்டது. 24 பந்திக்கு மூலம் கிடைத்தது. அவற்றில் ஒன்பதில் மேற்கோள் குறி போட வேண்டியிருந்தது, இரண்டில் ஆசிரியர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதியிருந்தேன். மிச்சம் ஐந்துக்கு ஆதாரம் தெரியவில்லை. நாலை வெட்டிவிட்டேன்.

ஐந்தாவதை வெட்ட மனமில்லை. பட்டையால் இறைக்கும்போது பாடுவதைப் பற்றிய ஒரு பந்தி. கொப்பியில் பக்க எண் இல்லை, ஆனால் வசனம் அரைகுறையாக, வினைமுற்று இல்லாமல் இருக்கிறது. ஐயா சொன்ன கணக்கில் அது என்னுடையதாக இருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். தாத்தா சொன்ன கதையாக இருக்கும் என்கிறார்.

நாளைக்கு மேற்பார்வையாளரைச் சந்திக்கிறேன். குறி போட்ட வரைவையும் பழைய கொப்பியையும் இரண்டையும் கொண்டு போகிறேன்.

அச்சுப்பிழை · இரவு 9.50

அம்மாவோடு கதைத்த திகதியை இன்றைக்கே எழுதி வையுங்கள். `V04`.